ஒரு சுவரொட்டியை வைத்து நான்கு புத்தகங்கள்: சங்கத்து வேலைக்கு எதை முதலில் வாங்கலாம்?

எங்கள் குடியிருப்போர் சங்கம் வருடத்துக்கு ஏழெட்டு சுவரொட்டி போடும். கண் பரிசோதனை முகாம், ரத்ததானம், பொதுக்குழு, பொங்கல் விளையாட்டு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். வடிவமைப்பு படிக்காத நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டதால், எழுத்துருக்களைப் பற்றியும் பக்க அமைப்பைப் பற்றியும் நான்கு புத்தகங்களை வாங்கிப் படித்தேன். நான்கும் பேர்பெற்ற ஆங்கிலப் புத்தகங்கள். ஆனால் நான்கும் ஒரே ஆளுக்காக எழுதப்பட்டவை அல்ல.

எது உதவும் என்று பார்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, ஒரே சுவரொட்டியை ஒவ்வொரு புத்தகத்தின் கையிலும் கொடுத்துப் பார்ப்பதுதான். அதற்கு எங்கள் பழைய கண் முகாம் சுவரொட்டியை எடுத்துக்கொண்டேன். ஏ3 தாள், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். மேலே வில்லாக வளைந்த சங்கத்தின் பெயர், பதிவு எண், 'இலவச கண் பரிசோதனை முகாம்', நாள், இடம், நேரம், தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை, என்னென்ன கொண்டுவர வேண்டும், கடைசியில் கைபேசி எண். மொத்தம் 14 வரி. எல்லாம் நடுவில் நிறுத்தப்பட்டவை. ஐந்து எழுத்துரு, சுற்றிலும் இரட்டைக் கட்டம். அதன் முன்னால் நின்றுகொண்டே "முகாம் என்னைக்குங்க?" என்று கேட்டவர்கள் உண்டு.

முதலில் ராபின் வில்லியம்ஸ் எழுதிய 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்'. 1994-இல் வந்தது, 2014-இல் நான்காம் பதிப்பு. தலைப்பு சொல்வதுபோலவே, வடிவமைப்பாளர் அல்லாதவருக்கான புத்தகம். நான்கே கொள்கைகள்: தொடர்புள்ளவற்றைச் சேர்த்து வைப்பது, எதையும் இன்னொன்றின் விளிம்போடு வரிசைப்படுத்துவது, ஒரே அம்சத்தைத் திரும்பப் பயன்படுத்துவது, வேறுபாட்டைத் துணிந்து காட்டுவது. ஒரு சாதாரண விசிட்டிங் கார்டை எடுத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் சிதறிக் கிடக்கும் எழுத்துகளால் கண் எப்படி அலைகிறது என்று காட்டிவிட்டு, அதையே திருத்திக் காட்டுவார். தவறும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தவருக்கும் படங்களே பாதி சொல்லிவிடும்.

இந்தப் புத்தகத்தை வைத்து எங்கள் சுவரொட்டியைத் திருத்த ஒரு மணி நேரம் ஆனது. 14 வரிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தேன்: என்ன முகாம், எப்போது எங்கே, என்ன கொண்டுவர வேண்டும், யார் நடத்துகிறார்கள். ஒரு கூட்டத்துக்குள் உள்ள இடைவெளியைப்போல இரண்டு மடங்கு, கூட்டங்களுக்கு நடுவில். அப்புறம் எல்லாவற்றையும் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் நிறுத்தினேன். நடுவில் நிறுத்துவதை ஆரம்பத்தில் விட்டுவிடச் சொல்கிறார் வில்லியம்ஸ். அப்படி நிறுத்தினால் வரிகளின் ஓரம் ஏறி இறங்கி, கண் பிடித்துக்கொள்ள ஒரு கோடே இல்லாமல் போகிறது. முன்பு தலைப்பின் எழுத்தளவு 48 புள்ளி, நாளும் நேரமும் 36 புள்ளி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தன. தலைப்பை 110 ஆக்கி, நாளை 72 ஆக்கி, மற்றதையெல்லாம் 28-க்கு இறக்கினேன். கட்டம் தானாகவே தேவையற்றுப்போனது.

புத்தகத்தின் பிற்பாதி எழுத்துருக்களைப் பற்றியது. தமிழில் வேலை செய்பவர் அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எழுத்துகளை வேறுபடுத்த ஆறு வழி சொல்கிறார்: அளவு, தடிமன், கட்டமைப்பு, உருவம், திசை, நிறம். இதில் உருவம் என்று அவர் சொல்வது பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சாய்வெழுத்து என்ற ஆங்கில வசதி. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. சாய்வு வடிவம் உள்ள எழுத்துருக்களும் மிகக் குறைவு. மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்துக் கொடுக்கும். ஆகவே அந்த வழியைத் தாண்டிப் போய்விடலாம். அளவும் தடிமனும் நமக்குப் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது எலன் லப்டன் எழுதிய 'திங்கிங் வித் டைப்'. 2004-இல் முதல் பதிப்பு, 2010-இல் இரண்டாவது, 2024-இல் மூன்றாவது. எழுத்து, உரை, தாளைப் பிரித்து அடுக்க உதவும் கட்டவரை என்று மூன்று பகுதி. வில்லியம்ஸ் "இப்படிச் செய்" என்பார். லப்டன் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் பயிற்சி கொடுப்பார். வரலாறும் கோட்பாடும் பேசும் கட்டுரைகள் நடுநடுவே வரும். அவற்றை முதல் வாசிப்பில் விட்டாலும் புத்தகம் கையை விட்டுப் போகாது.

ஆனால் வில்லியம்ஸ் திருத்திய சுவரொட்டியில் மிச்சமிருந்த இரண்டு பிழைகளை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தப் புத்தகம்தான். முதலாவது, அழுத்தத்தை அடுக்குவது. ஒன்று முக்கியம் என்று காட்ட இடைவெளி, உள்தள்ளல், அளவு, தடிமன், நிறம் என்று பல குறிகள் உண்டு. ஒரு படிநிலைக்கு ஒன்றோ இரண்டோ போதும். எங்கள் தலைப்பு பெரியதாக, தடித்ததாக, அடிக்கோட்டோடு, கறுப்புப் பட்டைக்குள் வெள்ளையாக இருந்தது. அடிக்கோட்டையும் பட்டையையும் எடுத்தேன். தலைப்பின் வலு துளியும் குறையவில்லை. பட்டையின் கீழே நசுங்கியிருந்த தேதிதான் முதல்முறையாக மூச்சுவிட்டது.

இரண்டாவதை அவர் எழுத்துக்குற்றம் என்றே பெயரிட்டு, பக்கம் பக்கமாக முத்திரை குத்திக் காட்டுகிறார்: எழுத்தை இழுத்து நீட்டுவது. நம் ஊர் டிடிபி வேலையில் மிகச் சாதாரணமாக நடப்பது இது. வரி நிறைய வேண்டும் என்பதற்காகத் தலைப்பைப் பக்கவாட்டில் இழுப்போம். இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் 'ட' நல்ல எழுத்து. அதில் ஒரு செங்குத்துக் கோடும் ஒரு படுக்கைக் கோடும் மட்டுமே உண்டு. பக்கவாட்டில் இழுத்தால் செங்குத்துக் கோடு தடிக்கும், படுக்கைக் கோடு முன்பிருந்த தடிமனிலேயே நிற்கும். மேல்நோக்கி இழுத்தால் இதற்கு நேர் எதிர். எங்கள் தலைப்பில் அந்தச் செங்குத்துக் கோடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தடித்திருந்தது. அகலமான எழுத்து வேண்டுமென்றால் அகலமாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுக்க வேண்டும். கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் அனெக் தமிழில் ஒடுக்கமானதிலிருந்து விரிந்ததுவரை பல அகலங்களும், மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை பல தடிமன்களும் உண்டு. அந்த ஒரு குடும்பத்திலேயே முழுச் சுவரொட்டியையும் முடித்தேன். ஐந்து எழுத்துரு ஒன்றானது அப்படித்தான்.

கட்டவரைப் பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். தாளை நெடுக்குவாக்கில் மூன்று பத்தியாகப் பிரித்து, நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இங்கே ஆங்கில மாதிரியை அப்படியே எடுத்தால் இடிக்கும். 'கொண்டுவரவேண்டியவை' போன்ற ஒரு சொல்லே ஒடுங்கிய பத்தியை நிறைத்துவிடும். மூன்று பத்திக்குள் தேதி, எண், ஊர்ப்பெயர் போன்ற குறுகிய செய்திகளை மட்டும் வைத்துவிட்டு, வாக்கியங்களை முழு அகலத்தில் விட்டேன். இரு ஓரமும் சமமாக நிரப்பும் அமைப்பையும் தவிர்த்தேன். நீண்ட சொற்களால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழுகின்றன.

வரி இடைவெளியிலும் இதே கவனம் தேவை. மென்பொருள் தானாக வைப்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் மேல்வரியின் 'து', 'ணு' கீழே இறங்கும், கீழ்வரியின் 'டி', 'கீ' மேலே ஏறும், இரண்டும் மோதும். நான் 140 வைத்த பிறகுதான் மோதல் நின்றது. எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடும் யோசனையையும் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். 'கெ' என்பதில் கொம்பு ஒருபக்கம், ககரம் ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கும் ஆபத்து உண்டு. பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பும் கொக்கியும் இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன், பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற இரண்டு புத்தகங்களும் மேலானவை, ஆனால் வேறு வேலைக்கானவை. ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட்டின் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டைப்போகிராஃபிக் ஸ்டைல்' 1992-இல் வந்தது. அவர் கவிஞர், புத்தகப் பக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியவர் குறைவு. ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து, 66 என்றால் உத்தமம் என்ற பேர்பெற்ற அளவு அவருடையது. அது ஆங்கில எழுத்துகளின் கணக்கு, அதுவும் உட்கார்ந்து நீளமாக வாசிப்பதற்கு. நடந்துகொண்டே பார்க்கும் 14 வரிச் சுவரொட்டிக்கு அவரிடம் விடை குறைவு. சங்கம் ஆண்டுமலர் போடும் என்றால் அப்போது வாங்கலாம்.

யோசெஃப் முல்லர்-புரோக்மனின் 'கிரிட் சிஸ்டம்ஸ்' 1981-இல் ஜெர்மனும் ஆங்கிலமும் அருகருகே அச்சாகி வந்தது. சூரிக்கின் டோன்ஹாலே இசையரங்குக்கு அவர் செய்த கச்சேரிச் சுவரொட்டிகளை இன்றும் வடிவமைப்பு மாணவர்கள் பார்த்துப் படிக்கிறார்கள். அதனாலேயே ஆசையோடு வாங்கினேன். தாளை 8, 20, 32 கட்டங்களாகப் பிரித்து, படமும் எழுத்தும் அந்தக் கட்டங்களில் எப்படி உட்காரும் என்று பொறுமையாகச் சொல்கிறார். பல பக்கத் தொகுப்புகளும் படங்களும் நிறைய இருக்கும் வேலைக்கு அது தங்கம். எங்கள் முகாமுக்கு மூன்று பத்தியே போதுமாக இருந்தது.

நான்கிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று, எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கிறார்கள் என்ற கணக்கு. விளம்பரப் பலகை செய்பவர்கள் 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்று வைத்துக்கொள்வார்கள். 72 புள்ளி என்றால் ஓர் அங்குலம் என்பதால் 72 போட்டால் போதும் என்று நினைத்தேன். போதாது. அந்த அங்குலம் எழுத்துக்கு மேலும் கீழும் ஒதுக்கிய இடத்தையும் சேர்த்தது. 'க' மட்டும் அளந்தால் பாதியளவே வந்தது. தேதியை 10 அடியிலிருந்து படிக்க 140 புள்ளி தேவைப்பட்டது. இடம் கிடைக்க, முன்னிலை வகிப்பவர்களின் பெயர்களை ஒரே பத்தியாகக் கீழே சேர்த்தேன். சங்கத்தில் அதற்குக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

வாங்கும் வரிசை என்று கேட்டால், முதலில் வில்லியம்ஸ். பழைய பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கொள்கைகள் மாறவில்லை. நான்கைந்து சுவரொட்டி செய்த பிறகு லப்டன். அவருடையதில் மட்டும் பழைய பதிப்பை வாங்காமல் 2024 பதிப்பையே வாங்குவது நல்லது. லத்தீன் எழுத்தைத் தாண்டி உலகின் பிற எழுத்துமுறைகளுக்கான அறிமுகங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன.