ஸ்ட்ராபெரி ஷ்ரப்: ஊறவைப்பதா, காய்ச்சுவதா?

பழம், சர்க்கரை, வினிகர் மூன்றும் சேர்ந்த புளிப்புப் பாகுதான் ஷ்ரப். சோடாவில் 30 மி.லி. விட்டால் குளிர்பானம். காக்டெயிலில் விட்டால் எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு இரண்டின் வேலையையும் அது ஒன்றே பார்த்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அமெரிக்க வீடுகளில் ராஸ்பெரியை இப்படித்தான் மாதக்கணக்கில் காப்பாற்றினார்கள். இன்று பார்களில் இது மறுபடி புழங்குவது கெடாமல் இருக்கும் என்பதற்காக அல்ல, எலுமிச்சை தராத வேறொரு புளிப்புக்காக.

வீட்டில் செய்ய இரண்டு வழி. பழத்தைச் சர்க்கரையில் ஊறவைத்து, விட்ட சாற்றோடு வினிகர் கலப்பது ஒன்று. சர்க்கரைப் பாகில் பழத்தைக் காய்ச்சி வடித்து வினிகர் கலப்பது மற்றொன்று. முதலாவதுக்கு இரண்டு நாள், இரண்டாவதுக்கு ஒரு மணி நேரம். ஸ்ட்ராபெரி போன்ற சாறுள்ள மென்பழங்களுக்கு ஊறவைப்பதே மேல் என்பது என் கட்சி. காய்ச்சுவதற்கும் அதற்கே உரிய பழங்கள் இருக்கின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஊறவைக்கும் முறை இது. காம்பு நீக்கிய ஸ்ட்ராபெரி 500 கிராம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றையும் நாலு துண்டாக நறுக்குங்கள். 400 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடு கண்ணாடிக் கிண்ணத்தில் பிசிறி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையும் மாலையும் அடியில் படிந்த சர்க்கரையைக் கிளறிவிட்டால் போதும். இரண்டு நாளில் பழம் சுருங்கிச் செம்பாகில் மிதக்கும். மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றித் தானாக வடிய விடுங்கள். கடைசியில் லேசாக ஒரு அழுத்து. அதற்கு மேல் பிழிந்தால் சதை இறங்கிப் பாகு கலங்கிவிடும். ஏறக்குறைய 550 மி.லி. பாகு கிடைக்கும். அதில் 5 சதவீத அமிலமுள்ள ஆப்பிள் சைடர் வினிகர் 350 மி.லி. கலந்து புட்டியில் அடைத்தால் வேலை முடிந்தது. கரையாமல் நின்ற சர்க்கரையும் வினிகர் விழுந்ததும் கரைந்துவிடும்.

பழம் உறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. உறையும்போது பழத்தின் செல்கள் உடைந்துவிடுவதால் சாறு வேகமாக இறங்கும்.

காய்ச்சும் முறையில் அதே 400 கிராம் சர்க்கரையை 200 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, பழத்தைப் போட்டு, சிறுதீயில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு வடித்து வினிகர் சேர்க்க வேண்டும். வினிகரைக் கூடவே கொதிக்கவிடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அப்படிச் செய்தால் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நல்ல வினிகரில் இருக்கும் பழ வாசமும் போய்விடும். பாகு ஆறிய பிறகே சேர்ப்பது நல்லது.

பலர் இந்த இரண்டையும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர்.

ஊறவைக்கும்போது வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்வதில்லை. சர்க்கரை பழத்தின் சொந்த நீரை இழுத்து அதிலேயே கரைகிறது. மேலே சொன்ன கணக்கில் மொத்தம் 900 மி.லி. ஷ்ரப் வரும். அதில் வினிகர் தந்த அமிலம் 17.5 கிராம், அதாவது கிட்டத்தட்ட 2 சதவீதம். 100 மி.லி.யில் சர்க்கரை சுமார் 45 கிராம். இதில் 30 மி.லி. எடுத்து 150 மி.லி. சோடாவில் விட்டால், அதே அளவு சோடாவில் 10 மி.லி. எலுமிச்சைச் சாறு பிழிந்தது போன்ற புளிப்பு வரும். ஐஸ் கரைந்த பிறகும் அது தாங்கும்.

காய்ச்சிய பாகில் அந்த 200 மி.லி. தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. ஆவியாகப் போனது போக 700 மி.லி. பாகு நிற்கும் என்று வையுங்கள். அதே 350 மி.லி. வினிகரைச் சேர்த்தால் அமிலம் 1.7 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். முன்பிருந்த புளிப்பைப் பிடிக்க 450 மி.லி. ஊற்ற வேண்டும். ஊற்றினால் மொத்தம் 1,150 மி.லி. ஆகி, சர்க்கரை 100 மி.லி.க்கு 35 கிராமாகக் குறையும், பழத்தின் சுவையும் அந்த அளவுக்கு நீர்த்துப் போகும். தம்ளரில் அதைச் சரிக்கட்ட 30 மி.லி. விட வேண்டிய இடத்தில் 40 மி.லி. விடுவீர்கள். விட்டால் வினிகர் வாடை பழத்தை முந்திக்கொண்டு வரும். “ஷ்ரப் என்றால் வினிகர் நாற்றம்தான்” என்று சிலர் முகம் சுளிப்பதன் பின்னால் பல சமயம் இந்தக் கூடுதல் தண்ணீர் இருக்கும்.

தண்ணீரே விடாமல், ஊறிய பழத்தை அதன் சாற்றிலேயே காய்ச்சினால் என்ன என்று கேட்கலாம். தண்ணீர்ச் சிக்கல் தீரும். வாசனைச் சிக்கல் தீராது. புதுப்பழ வாசம் எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. சூடு பட்டதும் அவை பறந்து, ஜாம் வாசனை மிஞ்சும். ஜாம் வாசனை கெட்டதல்ல, விஸ்கி அல்லது டார்க் ரம்மோடு அது நன்றாகவே சேரும். ஜின்னுக்கும் வெறும் சோடாவுக்கும் புதுப்பழ வாசம்தான் வேண்டும். இன்னொன்று, சூடு பழத்திலுள்ள பெக்டினையும் இளக்கிவிடும். அதனால் பாகு கலங்கி, நாள்பட்டால் அடியில் வழவழவென்று படியும். அதன் மேல் சோடாவை ஊற்றினால் பொங்கி வழியும், ஏனென்றால் மிதக்கும் ஒவ்வொரு சதைத் துணுக்கும் வாயுக் குமிழி உருவாக இடம் கொடுக்கிறது.

கெடாமல் இருக்கும் விஷயத்தில் காய்ச்சுவதற்கே ஒரு படி முன்னுரிமை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழத்தோலில் ஒட்டிவரும் ஈஸ்ட் சூட்டில் செத்துவிடும், ஊறவைத்தால் சாகாது. அதனால்தான் ஊறும் கிண்ணம் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறேன். சென்னை வெயிலில் அடுக்களை மேடையில் வைத்தால் ஒரு நாளிலேயே ஓரங்களில் நுரை கட்டி, கள் வாடை அடிக்கத் தொடங்கலாம். வினிகர் சேர்ந்த பின் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. 2 சதவீத அமிலம், இவ்வளவு சர்க்கரை, குளிர் மூன்றையும் தாண்டி வளரக்கூடியவை சில பிடிவாதமான ஈஸ்ட்களே. மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று வந்தாலோ, குமிழி தொடர்ந்து எழுந்தாலோ, மேலே பூஞ்சை தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். பூஞ்சையை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வடிகட்டாத ஆப்பிள் சைடர் வினிகரில் வரும் மெல்லிய நூல் போன்ற கலங்கல் வேறு. அது வினிகரின் தாய், கெடுதல் இல்லை. கொதிநீரில் சுத்தம் செய்த புட்டியில் மூன்று மாதம் தாராளமாக நிற்கும். அதற்கு மேல் கெடாவிட்டாலும் நிறம் பழுப்பேறி வாசம் மங்கும்.

புட்டியின் மூடி தகரமாக இருந்தால் வினிகர் ஆவியில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள். ஊறவைக்க அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் வேண்டாம்.

இனி காய்ச்சுவது வெல்லும் இடங்கள். நெல்லிக்காய் போன்ற கெட்டியான காய் சர்க்கரையில் போட்டால் லேசில் சாறு விடாது. உலர்ந்த ஆப்ரிகாட்டில் விடுவதற்குச் சாறே இல்லை. பட்டை, கிராம்பு, மிளகின் சாரம் இறங்கவும் சூடு வேண்டும். வெல்லமோ கருப்பட்டியோ போடுவதென்றால் எப்படியும் கரைத்து மண் வடித்தாக வேண்டும். கருப்பட்டி ஸ்ட்ராபெரியை விழுங்கிவிடும், இஞ்சியோடுதான் சேரும். நியூ இங்கிலாந்து வயல்களில் வைக்கோல் அறுத்தவர்கள் குடித்த ஸ்விட்செல் ஏறக்குறைய அதுதான்: இஞ்சி, வினிகர், கரும்புப்பாகு, தண்ணீர். ஈரானியர்களின் செகஞ்சபினும் காய்ச்சும் வகையே. சர்க்கரைப் பாகில் வினிகர் விட்டுக் கொதித்ததும் இறக்கி, சூட்டிலேயே புதினாவை ஊறவிடுவார்கள். அதில் பழமே கிடையாது, சூட்டில் இழக்கப் பழ வாசமும் இல்லை. மாம்பழம் மட்டும் இரண்டு முறைக்கும் முரண்டு பிடிக்கும். சதைதான் கூழாக வரும், தெளிந்த சாறு கொஞ்சமே.

வினிகரைப் பொறுத்தவரை புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்த செயற்கை வினிகர் ஊறுகாய்க்குப் போதும். ஷ்ரப்பில் பழத்துக்கு அடுத்தபடி நாக்குக்குத் தெரிவது வினிகர்தான் என்பதால் அது இங்கே வெறும் எரிச்சலாகவே நிற்கும். ஸ்ட்ராபெரிக்கு ஆப்பிள் சைடர், அன்னாசிக்கு இலங்கையிலும் கோவாவிலும் கிடைக்கும் தென்னங்கள்ளு வினிகர் பொருந்தும். அமிலம் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் 350 மி.லி. போதாது. மேலே சொன்ன பாகுக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் தேவைப்படும், அப்போது ஊறவைக்கும் முறையிலும் தண்ணீர் பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். 5 சதவீதம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கலந்த அன்றைக்கே குடித்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். முதல் நாள் மூக்கில் ஏறும் வினிகர் நெடி ஒரு வாரத்தில் அடங்கி, பழமும் புளிப்பும் ஒன்றாகிவிடும்.

தம்ளரில் முதலில் ஷ்ரப், பிறகு ஐஸ், கடைசியில் சோடாவைச் சரிவாக ஊற்றுங்கள். காக்டெயிலுக்கு ஜின் 45 மி.லி., ஷ்ரப் 25 மி.லி., மேலே சோடா 90 மி.லி. சரியாக வரும். சோடா இல்லாமல் குலுக்கிப் பரிமாறும் வகையில் வினிகர் மணம் நேரே மூக்குக்கு வரும். அங்கே ஷ்ரப்பை 15 மி.லி.யாகக் குறைத்து, எலுமிச்சைச் சாறு 10 மி.லி. சேர்த்துக்கொள்ளலாம். பாலோ கிரீமோ சேரும் பானங்களில் மட்டும் இதை விடாதீர்கள், உடனே திரிந்துவிடும்.