'மேட் கிளே' என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்ட ஜெல்

என்னுடையது மெல்லிய, நேரான முடி. சென்னையின் ஐப்பசிப் புழுக்கத்தில் வாரிவிட்ட அரை மணி நேரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும். சென்ற ஆண்டு முடி வெட்டச் சென்ற சலூன் ஒன்றில், எவ்வளவு வியர்த்தாலும் கலையாது என்று உறுதி கூறி, முடியைப் பளபளப்பின்றி நிறுத்தும் களிமண் பசையான 'மேட் கிளே' என்று பெயரிட்ட 100 கிராம் டப்பாவை 650 ரூபாய்க்கு என்னிடம் விற்றார்கள். குளிரூட்டிய அறையில் டிரையரைக் காட்டி, முன்முடியைத் தூக்கி நிறுத்தி, அதன்பின் அதில் சிறிது தடவியபோது முடி அழகாகத்தான் நின்றது. வண்டியில் கிண்டியைத் தாண்டுவதற்குள் முழுவதும் படிந்து, தொட்டால் விரல் பிசுபிசுத்தது.

மறுநாள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். விலைச் சீட்டை மிகச் சரியாக மூலப்பொருள் பட்டியலின் மீதே ஒட்டியிருந்தார்கள். உரித்துப் படித்தபோது தண்ணீர், கிளிசரின், பி.வி.பி. என்ற வரிசையில் தொடங்கிய பட்டியலில், கயோலின் என்னும் களிமண் வாசனைப் பொருளுக்கும் பின்னால் கிடந்தது. ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில்தான் எழுதுவார்கள் என்பதாலும், வாசனைப் பொருள் பெரும்பாலும் மிகச் சிறிய அளவிலேயே சேர்க்கப்படும் என்பதாலும், அதில் களிமண் பெயரளவுக்கே இருந்தது என்று கொள்ளலாம்.

பி.வி.பி. என்பது ஜெல்லில் முடியைப் பிடித்து நிறுத்தும் பிசின். உலர்ந்த காற்றில் விறைத்து நிற்கும் அது, ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி இளகிவிடும்; கிளிசரினும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சலூனில் என் முடியை நிறுத்தியதில் பெரும்பங்கு டிரையரின் சூட்டுக்கே உரியது. சூட்டால் கிடைத்த வடிவமோ ஈரம் பட்டதும் குலைந்துவிடும்.

என் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் அதை மெல்லியதாகத் தடவி, ஒன்றைக் குளிரூட்டிய அறையிலும் மற்றொன்றைக் குளியலறையிலும் இரவு முழுவதும் வைத்தேன். முன்னது காய்ந்து, சுரண்டினால் வெள்ளைத் துகளாக உதிர்ந்தது. பின்னது காலையிலும் பசைபோல் ஒட்டியது. பச்சைத்தண்ணீர் பட்டதுமே இரண்டும் கரைந்துபோயின. தேன்மெழுகு கணிசமாகச் சேர்ந்த கிளே அவ்வளவு எளிதில் போகாது.

திறந்த டப்பாவைத் திரும்பப் பெற முடியாது என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். "உங்க முடிதான் சார் அப்படி" என்றும் சொன்னார், என்னவோ அதைத் தெரியாமல் விற்றவர்போல!

இப்போது வாங்கும்போது, களிமண்ணும் தேன்மெழுகும் பட்டியலின் முன்பகுதியிலேயே இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். தண்ணீர் முதலில் இருப்பது மட்டும் குற்றமல்ல, நல்ல கிளே பலவற்றிலும் அது உண்டு. வேக்ஸ் மட்டும் மிகுந்த டப்பா ஈரத்தைத் தாங்கினாலும், அதன் கனத்தால் மெல்லிய முடி தானே சாய்ந்துவிடும். ஆகவே பட்டாணி அளவு கிளேயை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, முழுவதும் உலர்ந்த முடியில் பின்னிருந்து முன்னாகத் தடவுகிறேன். அப்படியும் வியர்க்கும் நாளில் மதியம் வரைதான் நிற்கிறது.