கணக்கையே அழிப்பதா, கேமை மட்டும் நீக்குவதா: எது போனால் திரும்பாது?

கேம் கணக்கை அழிக்க நினைப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் வரும். விளையாட்டு நேரத்தைத் தின்கிறது, பழைய கணக்கில் தன் விவரங்கள் கிடப்பது பிடிக்கவில்லை, அல்லது முதலிலிருந்து புதிதாக ஆட வேண்டும். இந்த மூன்றுக்கும் கணக்கை அழிப்பது ஒன்றே வழி இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆடிச் சேர்த்த சேவ் எங்கே இருக்கிறது? காசு கொடுத்து வாங்கியதற்கான உரிமம் எங்கே இருக்கிறது? இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன.

கணினியில் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த கேம் கடையான ஸ்டீமையே எடுத்துக்கொள்வோம். அங்கே மூன்று படிகள் உண்டு. மிக லேசானது கேமை நூலகத்தில் மறைத்துவைப்பது. அதில் எதுவும் போகாது. அடுத்தது, ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து நிரந்தரமாக நீக்கச் சொல்வது. 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தாலும், பிறகு அதே சப்போர்ட் பக்கத்தில் அந்தக் கேமைத் தேடி, காசு கொடுக்காமல் திரும்பப் பெற முடியும். நேரத்தைத் தின்னும் ஒரே ஒரு கேமிடமிருந்து தப்பிக்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். திரும்பப் போக நினைத்தால் சில படிகள் குறுக்கே நிற்கும். அந்தத் தடையே பலருக்குப் போதும்.

மூன்றாவதுதான் கணக்கை முழுதாக அழிப்பது. இதற்கு சப்போர்ட்டில் கோரிக்கை கொடுத்து, கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். அதன்பின் 30 நாள் காத்திருப்பு. அதற்குள் மனம் மாறினால் நிறுத்தலாம். தாண்டிவிட்டால் வாங்கிய எல்லாக் கேம்களும், வாலெட்டில் மீதமிருக்கும் பணமும், இன்வென்டரியில் உள்ள ஸ்கின்களும், அச்சீவ்மென்ட்களும் போய்விடும். வேறு கடையில் கீ வாங்கி ஸ்டீமில் போட்டிருந்தால், அந்தக் கீயை இன்னொரு கணக்கில் மறுபடி போட முடியாது. கேம்களை நண்பருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இல்லை. விற்கவோ பரிமாறவோ கூடிய ஸ்கின்களை மட்டும் முன்கூட்டியே டிரேட் செய்யலாம். ஆனால் மொபைல் ஆதென்டிகேட்டர் இல்லாத கணக்கில் டிரேட் 15 நாள் வரை பிடித்துவைக்கப்படும் என்பதால், அழிப்புக் கோரிக்கைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. மார்க்கெட்டில் விற்பதில் பயன் இல்லை. அந்தப் பணம் வாலெட்டுக்குத்தான் வரும், வாலெட்டும் கணக்கோடு போய்விடும்.

இப்படி உரிமங்கள் அத்தனையும் போனாலும், சேவ் போகுமா என்பது கேமைப் பொறுத்தது. ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமை ஆடியவர்கள் விண்டோஸின் ரன் பெட்டியில் இதைத் தட்டிப் பார்க்கலாம்:

```
%APPDATA%\StardewValley\Saves
```

அங்கே உங்கள் பாத்திரத்தின் பெயரோடு ஓர் அடிக்கோடும் எண்களும் சேர்ந்த ஃபோல்டர் இருக்கும். அதற்குள் அதே பெயரில் ஒரு ஃபைலும், `SaveGameInfo` என்ற ஃபைலும் இருக்கும். அந்த ஃபோல்டரை முழுதாகப் பென்டிரைவில் எடுத்துவைத்தால் பண்ணை உங்களிடம் பத்திரமாக இருக்கும். ஸ்டீம் கணக்கு போன பிறகு, வேறொரு கடையில் அதே கேமின் கணினிப் பதிப்பை வாங்கி அந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைத்தால், விட்ட நாளிலிருந்து ஆட்டம் தொடரும். இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டும், ஸ்டீம் அச்சீவ்மென்ட்கள் வராது. இழப்பு அவ்வளவே.

எல்டன் ரிங்கில் இது நடக்காது. அதன் சேவும் `%APPDATA%\EldenRing` என்ற இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே 7656119 என்று தொடங்கும் 17 இலக்க ஃபோல்டர் ஒன்று தெரியும். அது உங்கள் ஸ்டீம் அடையாள எண். `ER0000.sl2` என்ற சேவ் ஃபைலுக்குள்ளும் அதே எண் பதிந்திருப்பதால், வெறுமனே காப்பி செய்து புதுக் கணக்கில் வைத்தால் கேம் அதை ஏற்காது. அதனால் எந்தக் கேமாக இருந்தாலும் அழிக்கும் முன் சேவ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இப்படி நீண்ட எண் இருந்தால், சேவ் கணக்கோடு கட்டப்பட்டிருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாக இருங்கள். கேமை முன்பே அன்இன்ஸ்டால் செய்திருந்தால் சேவ் ஸ்டீம் கிளவுடில் மட்டும் இருக்கலாம். அதை `store.steampowered.com/account/remotestorage` பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம், கணக்கு இருக்கும் வரைதான்.

மைன்கிராஃப்டில் சிக்கல் வேறு. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொங்குகிறது. அந்தக் கணக்கை மூடினால் கேமோடு அவுட்லுக் மெயில், ஒன்டிரைவ் கோப்புகள், எக்ஸ்பாக்ஸ் கணக்கு எல்லாம் சேர்ந்தே மூடப்படும். பிள்ளையின் மைன்கிராஃப்டை நிறுத்துவதற்காகப் பெற்றோர் தங்கள் மெயில் கணக்கையே மூடிவிடும் அபாயம் இங்கே உண்டு. மூடும்போது 30 அல்லது 60 நாள் அவகாசம் கேட்கும். 60-ஐத் தேர்ந்தெடுங்கள், அதற்குள் உள்ளே நுழைந்தால் கணக்கு மீண்டும் திறக்கும்.

ஜாவா பதிப்பில் தனியாகக் கட்டிய உலகங்கள் கணினியில் `%APPDATA%\.minecraft\saves` ஃபோல்டரில் இருக்கின்றன. கணக்கு போனாலும் அவை அங்கேயே இருக்கும், புதுக் கணக்கில் கேம் வாங்கினால் திறக்கும். ரியல்ம்ஸ் உலகம் அப்படியல்ல. அது சர்வரில் இருப்பதால், அதன் உரிமையாளர் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மைன்காயின்களும் மார்க்கெட்பிளேஸில் வாங்கியவையும் திரும்பாது. நண்பர்களின் சர்வரில் சேர்த்த பொருள்களும் பழைய கணக்கின் அடையாள எண்ணில்தான் இருக்கும். புதுக் கணக்கோடு போனால் வெறுங்கையோடுதான் நுழைய வேண்டும்.

மொபைல் கேம்கள்தான் மிகவும் கடுமை. இவற்றில் பெரும்பாலானவற்றில் சேவ் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, காப்பி எடுக்க ஃபோல்டரே இல்லை. வாங்கியவையும் இரண்டு வகை. விளம்பரத்தை நீக்குவது போன்ற ஒருமுறை வாங்குதல் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் பதிவாக இருக்கும், வழக்கமாக 'Restore purchases' மூலம் திரும்பப் பெறலாம். ஜெம், டைமண்ட் போன்றவை வாங்கிய உடனே 'செலவானது' என்று கடைக்குச் சொல்லப்பட்டுவிடும். அதன்பின் அவற்றின் கணக்கு கேம் சர்வரில் மட்டுமே. கேம் கணக்கை அழித்தால், ரசீதில் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண் கையில் இருந்தும் அவை புதுக் கணக்குக்கு வந்து சேராது.

ஐபோனில் 2022 ஜூன் 30 முதல், கணக்கு தொடங்க வழி தரும் ஆப்கள் உள்ளேயே கணக்கை அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. அழிப்பது எளிதானது நல்லதுதான், ஆனால் தவறி அழுத்துவதும் எளிதாகிவிட்டது. எத்தனை நாள் அவகாசம் என்பது கேமுக்குக் கேம் மாறும். சிலவற்றில் அவகாசமே இல்லை.

இங்கே அன்இன்ஸ்டால் செய்வதும் எப்போதும் பாதுகாப்பான மாற்று அல்ல. கூகுள், ஃபேஸ்புக் எதனோடும் இணைக்காமல் கெஸ்டாக ஆடியிருந்தால், ஆப்பை நீக்குவதே பல கேம்களில் கணக்கை அழித்ததற்குச் சமம். விட்டுவிட்டுப் போக நினைத்தாலும் முதலில் இணைத்துவிடுங்கள், அப்புறம் நீக்குங்கள். மாதச் சந்தாவின் கதை வேறு: ஆப்பை நீக்கினாலும் கேம் கணக்கை அழித்தாலும் அது தானாக நிற்காது. ப்ளே ஸ்டோரில் 'Payments & subscriptions' பகுதிக்குப் போய் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் இல்லாத கணக்குக்கு மாதாமாதம் பணம் பிடிப்பார்கள்.