தொலைந்த போனில் எடுப்பதா, கண்டெடுத்தவளின் போனில் எடுப்பதா?

போன மாதம் பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்தோம். கதை சின்னது. மொறட்டுவையிலிருந்து கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும் 101 பஸ்ஸில், வெள்ளவத்தையில் ஏறும் ஒரு பெண் இருக்கை இடுக்கில் ஒரு போனைக் கண்டெடுக்கிறாள். உரியவரைத் தேடிக் கிளம்புகிறாள். படம் முழுக்கப் போன் கமராவில் பதிவான துண்டுகள்தான். எந்தப் போன் என்பதில்தான் இரண்டு வாரம் இழுபட்டோம்.

அவளுடைய சொந்தப் போனில் எடுப்பது லேசான வழி. கண்டெடுத்த போனைக் கையில் வைத்துக் காட்டலாம், அதன் திரையைக் காட்டலாம், அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட்டு அதையும் பதிவு செய்யலாம். ஒரு நாள் முழுக்க இப்படி எடுத்துப் பார்த்தோம். படம் தெளிவாகவே வந்தது. ஆனால் போட்டுக் காட்டியபோது என் தங்கச்சி கேட்டாள்: “இவ ஏன் இதையெல்லாம் வீடியோ எடுக்கிறா அண்ணா?” பதில் சொல்ல முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவள் கண்டக்டரிடம் பேசுவதைப் படம் பிடிக்க என்ன தேவை? காரணத்தை வசனத்தில் சொல்ல வைத்தோம், பொய்யாகக் கேட்டது.

அப்புறம்தான் கண்டெடுத்த போனிலேயே எடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். பூட்டியிருக்கும் போனில் கடவுச்சொல் இல்லாமலே கமராவைத் திறக்கலாம். எடுக்கிற வீடியோ உள்ளே சேமிக்கப்படும். திரையை அணைத்துவிட்டால், எடுத்தவருக்கே அதைத் திரும்பப் பார்க்க முடியாது. கடவுச்சொல் தெரிந்த உரியவர் மட்டுமே பார்க்கலாம். கதைக்குத் தேவையான காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. “இது உங்கட போன். நான் களவெடுக்கேல்ல. எங்க எங்க தேடினேன் எண்டு நீங்களே பாருங்கோ” என்பதுதான் அவளுடைய முதல் வசனம். அவள் ஒருவரிடம் பேசுகிறாள், அந்த ஒருவரின் இடத்தில் பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார். இதற்காகவே மற்றக் குறைகளை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

நடிக்கும்போதும் இது உதவியது. நடிகைக்குக் கடவுச்சொல்லைச் சொல்லவில்லை. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் திரையை அணைப்பாள், எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அதனால் அழகாகக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு மெல்ல மெல்லக் கையிலிருந்து போய்விட்டது. சத்தம் கேட்ட பக்கம் கமரா அரை நொடி தாமதித்தே திரும்பும். கமராக்காரர் பிடித்தால் நடக்கப் போவது தெரிந்து முன்கூட்டியே திரும்பிவிடுவார்.

குறைகளும் உண்டு. கண்டெடுத்த போனே படத்தில் தெரியாது. காலி வீதி எனும் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக் கண்ணாடியில் அவளுடைய உருவத்தோடு போனும் பிரதிபலிக்கும் ஒரே ஒரு ஷாட் வைத்தோம். அதற்கு மாலை ஐந்தரை வரை காத்திருக்க வேண்டி வந்தது, அதற்கு முன் வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. பூட்டுத் திரையில் இருக்கும் படத்தையும் காட்ட முடியாது, அவள் வாயால் சொல்ல வேண்டும்.

பெரிய சிக்கல் அழைப்பு. நாங்கள் பயன்படுத்திய போனில், அழைப்பை எடுத்தால் பதிவு நின்றுவிடும். உரியவர் அழைக்கும் காட்சிதான் கதையின் முக்கிய இடம், அதையே பதிவு செய்ய முடியாது. முதலில் இது பெரிய இழப்பாகப் பட்டது. பிறகு அப்படியே விட்டோம். மணி அடிக்கிறது, படம் வெட்டுப்படுகிறது. அடுத்த துண்டில் அவள் பம்பலப்பிட்டியில் நிற்கிறாள், மூச்சு வாங்குகிறது. “இங்கதான் வரச் சொன்னீங்க. ஒருத்தரையும் காணேல்ல.” இடையில் என்ன பேசினார்கள் என்பது கடைசி வரை தெரியாது. மூலையில் 17:42, அடுத்து 18:25 என்று நேரத்தை மட்டும் போட்டோம்.

பார்வையாளர் கேட்கக்கூடிய இன்னொரு கேள்விக்கும் முதல் துண்டிலேயே பதில் வேண்டும். பூட்டுத் திரையிலிருந்தே அவசரத் தகவலைத் திறந்து வீட்டாரின் எண்ணைப் பார்க்கலாமே? அதைத் திறந்து, எதுவும் நிரப்பப்படவில்லை என்று அவள் சொல்லும் ஒரு வரி வைத்தோம். அந்த வரி இல்லாவிட்டால் கதை அங்கேயே உடைந்துவிடும்.

ஒளி விஷயத்தில் இரண்டு வழிக்கும் வேறுபாடில்லை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் தேநீர்க் கடைக் குழல் விளக்கின் கீழ் சில போன்களில் கோடு ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

தொலைந்தது பையோ அடையாள அட்டையோ என்றால் இந்த வழியே கிடையாது, சொந்தப் போன்தான். அதற்குப் பதிவு செய்யும் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும். பைக்கு உரியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக வைக்கலாமோ என்று யோசித்தோம், எடுத்துப் பார்க்கவில்லை. பதினொரு நிமிடத்துக்கு மேல் நீண்டால் பூட்டிய போன் வழி தாங்குமா என்பதும் எனக்கு உறுதியில்லை. ஒன்பதாவது துண்டில் எங்களுக்கே அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.