சுகர் அட்டையில் நாள் எங்கே தொடங்க வேண்டும்: காலையிலா, இரவிலா?

குளுக்கோமீட்டர் வைத்து வீட்டிலேயே சுகர் பார்ப்பவர்கள் அளவுகளை எழுதிவைப்பதில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. சிலர் கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். சிலர் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட அட்டையை நிரப்புவார்கள். மற்றவர்கள் மீட்டரின் நினைவகத்தையோ போன் செயலியையோ நம்பிவிடுவார்கள். நான்காவதாக ஒன்றை நான் சேர்க்கிறேன். அதுவும் கட்டம் போட்ட அட்டைதான், ஆனால் அதில் நாள் இரவுச் சாப்பாட்டில் தொடங்கும். காலையில் சுகர் ஏன் கூடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் இந்த நான்காவதுதான் என் தேர்வு. அதற்குக் காரணம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் மாமாவின் அட்டை.

மாமாவுக்கு விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு. இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் படுக்கை. ஒரு நாளைக்கு இரண்டு ஸ்ட்ரிப்தான் கட்டுப்படியாகும் என்பதால் எழுந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. அவர் நிரப்பிய வழக்கமான அட்டையில் ஒரு வாரம் இப்படி இருந்தது (எல்லாம் மி.கி./டெ.லி.):

| நாள் | காலை | இரவு |
|---|---|---|
| செவ்வாய் | 192 | 146 |
| புதன் | 118 | 236 |
| வியாழன் | 201 | 152 |
| வெள்ளி | 124 | 219 |
| சனி | 187 | 149 |

"காலைல கூடுனா ராத்திரி குறைஞ்சிருது, காலைல குறைஞ்சா ராத்திரி கூடிருது மக்களே" என்றார் மாமா. அட்டையை இடமிருந்து வலமாக வாசித்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். காலை அளவு தனியாக ஏறி இறங்குவது போலவும், அதற்கும் முந்தைய இரவுக்கும் சம்பந்தமே இல்லாதது போலவும் தெரியும்.

அதே எண்களை, திங்கள் இரவையும் ஞாயிறு காலையையும் சேர்த்து, இரவை முதலில் வைத்து எழுதிப் பார்த்தோம். பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்று ஒரே ஒரு சொல்.

| இரவு | படுக்கும் முன் | மறுநாள் காலை | சாப்பாடு |
|---|---|---|---|
| திங்கள் | 228 | 192 | கிழங்கு |
| செவ்வாய் | 146 | 118 | சோறு |
| புதன் | 236 | 201 | கிழங்கு |
| வியாழன் | 152 | 124 | சோறு |
| வெள்ளி | 219 | 187 | கிழங்கு |
| சனி | 149 | 121 | சோறு |

எல்லா இரவிலும் தூக்கத்தில் சுகர் முப்பது முப்பத்தைந்து இறங்கியிருக்கிறது. காலையில் கூடிய நாளெல்லாம் முந்தைய இரவிலேயே கூடித்தான் படுத்திருக்கிறார். அந்த மூன்று இரவும் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். சோறு என்று எழுதிய நாட்களில் அத்தை அளந்து வைத்த ஒரு கரண்டிச் சோறு, பயறு, மீன். கிழங்கு யாரும் அளந்து வைப்பதில்லை, வட்டில் நிறைய வரும்.

பழைய அட்டையில் 236-ம் 201-ம் வேறு வேறு வரிசையில், ஒன்று வலது ஓரத்திலும் மற்றொன்று இடது ஓரத்திலும் கிடந்தன. கண் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், காலை அளவு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடியும் நேரத்தில் உடம்பில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். அப்படிப்பட்டவருக்கு இரவு 138 இருந்து, ஒன்றும் சாப்பிடாமலேயே காலையில் 176 காட்டும். மாமாவுக்கு எண் இறங்குகிறது, இவருக்கு ஏறுகிறது. முதலாமவருக்குச் சாப்பாட்டில் கைவைக்க வேண்டும், இரண்டாமவருக்கு மருந்தைப் பற்றி டாக்டர் யோசிக்க வேண்டும். காலை அளவை மட்டும் காட்டி, மாமாவுக்கு இரவு மாத்திரை கூட்டப்பட்டிருந்தால், சோறு தின்ற இரவில் 118 இன்னும் கீழே போயிருக்கும். 70-க்குக் கீழே இறங்கிய உடம்போடு இருட்டில் கத்தியும் ஹெட்லைட்டுமாக ரப்பர் தோட்டத்தில் நிற்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, மற்ற இரண்டு வழிகள். நோட்டில் வரிசையாக எழுதுவதில் ஒரு நன்மை, இரவும் மறுநாள் காலையும் அடுத்தடுத்து வரும். ஆனால் நேரமும் சாப்பாடும் எழுதாமல் விட்டால் நாலு நாளில் எது எந்த வேளை என்று குழம்பும். மீட்டரின் நினைவகம் எண்ணை மாற்றி எழுதாது, அது நல்லது. கடிகாரம் தப்பாக இருந்தால் மட்டும் காலை அளவு மாலைக் கணக்கில் போய்விடும். சராசரியை நம்புவதுதான் எனக்குப் பிடிக்காதது. மேலே உள்ள பன்னிரண்டு அளவுக்கும் சராசரி 173. கிழங்கு இரவு, சோற்று இரவு என்று இரண்டு விதம் இருப்பதே அந்த எண்ணில் தெரியாது. போன் செயலியில் வரும் கோட்டுப்படம் நேரவரிசையில் ஓடுவதால் இந்தப் பொருத்தத்தைக் காட்டும், சாப்பாட்டையும் பதிந்தால். பதியும் பொறுமை இருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

எந்த அட்டையானாலும் எண் சரியாக இருக்க வேண்டுமே. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100-க்கு மேல் உள்ள அளவில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டுவதை ஏற்கிறது. ஆகவே 118-க்கும் 124-க்கும் வித்தியாசம் தேட வேண்டாம். 118-க்கும் 192-க்கும் தேடலாம். அப்புறம், ஏத்தன் பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கூட்டிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நம்மூரில் இரண்டு பருவமழையும் உண்டு, ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்ததும் உடனே மூடாவிட்டால் ஈரம் ஏறிவிடும்.

காலை என்று எழுதுவதிலும் கவனம் தேவை. மாமா மூன்றரைக்குப் பார்ப்பது விடியலின் ஏற்றம் முழுதாக வருவதற்கு முந்தைய அளவு. மழையில் வெட்டு இல்லாத நாள் ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் அது வேறு அளவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போடலாம், பக்கத்தில் மணியைக் குறித்தால். எழுந்ததும் சீனி போட்ட கட்டன் சாயா குடித்துவிட்டுப் பார்த்த எண்ணை மட்டும் அந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது.

படுக்கும் முன் குறைவாக இருந்து காலையில் ஏறியிருந்தால் இரண்டு மூன்று நாள் நடுராத்திரி இரண்டு மூன்று மணி வாக்கில் ஒரு ஸ்ட்ரிப் செலவழிப்பது நல்லது. அங்கே 70-க்குக் கீழே வந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு ஸ்ட்ரிப் கணக்கு போதாது, எப்போதெல்லாம் பார்ப்பது என்று அவர்களது டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாமாவின் டாக்டர் இரண்டாவது அட்டையைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடவில்லை. கிழங்கைப் பாதியாக்கி மீனைக் கூட்டச் சொன்னார். அதன் பிறகு வந்த கிழங்கு இரவில் படுக்கும் முன் 174, காலையில் 143. பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள், வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை. காலை இன்னும் அதற்குள் வரவில்லை. அதனால் இந்த மாதம் கிழங்கு இரவுகளுக்கு மட்டும் ஸ்ட்ரிப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்.