மண்டபத்துக்கு லோகோ போடக் கொடுக்குமுன்: கும்பகோணத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

கும்பகோணத்தை அடுத்து எங்கள் குடும்பம் 1987 முதல் நடத்திவரும் திருமண மண்டபத்தைச் சென்ற ஆண்டு புதுப்பித்தபோது, பழைய பெயர்ப்பலகையோடு அடையாளத்தையும் மாற்ற முடிவு செய்தோம். இப்போது மண்டபத்தைத் தேர்ந்தெடுப்பவர் பெண்ணின் தாத்தா மட்டுமல்லர். மணப்பெண்ணே முதலில் கைப்பேசியில் பார்த்துவிடுகிறாள். இருவருக்கும் பொருந்தும் லோகோவும், அதைப் பலகை, பத்திரிகை, தாம்பூலப்பை ஆகியவற்றில் பயன்படுத்தும் முறையும் வேண்டும் என்று வெளியூர் வடிவமைப்பாளர் ஒருவரிடம் 65,000 ரூபாய்க்குப் பேசி, 45,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தோம். எதையும் எழுத்தில் வாங்கவில்லை. அது எங்கள் பிழை.

அவர் கணினித் திரையில் காட்டியது மிக அழகாக இருந்தது. மெல்லிய பொன்னிறக் கோடுகளில் ஒரு கோபுரம், கீழே ஆங்கிலத்தில் பெரிதாகப் பெயர், அதற்கும் கீழே சிறிய தமிழ் எழுத்தில் அதே பெயர். வீட்டில் எல்லோரும் பாராட்டினோம். பெரியப்பா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏன்டா தம்பி, இது நம்ம பக்கத்துக் கோபுரம் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. இங்குள்ள கோபுரம் தளம் தளமாகக் குறுகி, மேலே வண்டிக்கூடு போன்ற கூரையில் வரிசையாகக் கலசங்களைத் தாங்கி நிற்கும். படத்தில் இருந்ததோ வளைந்து உயரும் வடநாட்டுச் சிகரம். அதன் உச்சியில் நெல்லிக்காயைப் போல வரியோடிய வட்டு ஒன்று இருந்தது. பெயருக்கு மரபு என்று ஏதோ ஒரு கோயிலை ஒட்டியிருக்கிறார் என்பது அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். "நவீன வடிவம் என்றால் இப்படித்தான்" என்று அவர் சொன்னதை நம்பினோம்.

சிக்கல் தாம்பூலப்பையில் வெளிப்பட்டது. மஞ்சள் துணிப்பையில் திரை அச்சு என்பது பெரும்பாலும் ஒரே வண்ணத்தில், ஒரே மையில் நடப்பது. பொன்னிறம் படிப்படியாக மங்கும் நிழல்களை அதில் சரியாகக் கொண்டுவருவது கடினம். மெல்லிய கோடுகளோ துணியின் இழைகளில் மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தமிழ்ப் பெயரில் புள்ளிகள் அடைபட்டு, 'மண்டபம்' என்பது 'மணடபம' என்று நின்றது. தாத்தாவுக்கான எழுத்தைத்தான் அவர் ஒப்புக்குச் சிறிதாக்கியிருந்தார். முதலில் கெட்டதும் அதுவே. 'கொண்டாட்டம்' என்று வரும் வரியில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றதை அச்சகத்துப் பையன்தான் கண்டுபிடித்தான். தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதியை இயக்காமல் வடிவமைப்பு மென்பொருளில் தட்டினால் இப்படி ஆகும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பலகைக்காரர் கோரல் டிரா கோப்பைக் கேட்டார். எங்களிடம் இருந்தது 1,000 படப்புள்ளி அகலமுள்ள ஒரு ஜேபெக் படம் மட்டுமே. அதை 20 அடிப் பலகைக்கு விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கட்டமாகிவிடும். எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத மூலக்கோப்பைக் கேட்டபோது, அதற்குத் தனியாக 15,000 ரூபாய் என்றார் வடிவமைப்பாளர்.

அதன்பின் என் தங்கை கோபுரத்தை மட்டும் வெட்டிக் கூகுள் லென்ஸில் தேடினாள். அதே கோபுரம், அதே கோடுகள், ஒரு படவிற்பனைத் தளத்தில் இருந்தன. மணப்பெண் அலங்கார நிலையம் ஒன்றும் அதையே வைத்திருந்தது. இத்தகைய தளங்கள் பலவற்றின் உரிமத்தில், படத்தை லோகோவாகவோ வணிகக்குறியாகவோ பயன்படுத்தக் கூடாது என்றே இருக்கிறது. ஆக, மூலக்கோப்புக்கும் பணம் கொடுத்திருந்தாலும் அது எங்களுடையதாகியிருக்காது.

இனி யாராவது இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால், கடைசித் தவணைக்கு முன் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, கறுப்பு ஒரே வண்ணத்தில், தமிழ்ப் பெயரோடு, பையில் வரும் அளவில் அச்சிட்ட தாள். அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு, எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றிய மூலக்கோப்பு. மூன்று, உரிமையை மாற்றித் தரும் கையொப்பமிட்ட தாள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி வாய்மொழி மாற்றம் செல்லாது. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும் என்பதால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மீதி 20,000 ரூபாயை நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை. இப்போது கும்பகோணத்திலேயே பலகை எழுதும் ஒருவர் தடித்த கோட்டில் கையால் எழுதித் தந்த தமிழ்ப் பெயரே எங்கள் லோகோ. கைப்பேசியில் தெரியும் சிறு வட்டத்துக்கு அதன் முதலெழுத்து மட்டும். வீணான 400 பைகள் சமையற்கட்டில் தேங்காய் வாங்கப் போய்வந்துகொண்டிருக்கின்றன.