வரன் செயலி சொல்லும் காரணம்: ஒன்றரை வருடம் பார்த்ததில்

தேவகோட்டை நண்பன் தன் தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். "நீ வச்சிருக்கிற செயலி எப்படிடா, பணம் கட்டலாமா?" என்று கேட்டான். போனில் சொன்னால் கோபம்தான் முந்திக்கொண்டு வரும், அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வரனுக்கும் கீழே 'ஏன் இந்தப் பரிந்துரை' என்று ஒரு பகுதி வரும். அதற்காகவே என் தங்கைக்கு வரன் பார்க்க இந்தச் செயலியை எடுத்தேன். நாங்கள் நகரத்தார், பிள்ளையார்பட்டிக் கோயில். எங்களில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அதற்குள் கல்யாணம் கிடையாது. மூன்றாம் மாதம் காரைக்குடிப் பையன் ஒருவன் முதலில் வந்தான். படிப்பு, வயது, ஜாதகம் எல்லாவற்றுக்கும் பச்சை டிக். நான்காவது வரி, 'கோயில் வேறு'. அதற்கும் டிக். வளவில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பையன் எந்தக் கோயில்?" என்றார்கள். இரணியூர் என்றேன். "இரணியூரும் நாமளும் பங்காளிகப்பா, அண்ணன் தம்பிக்குள்ள பொண்ணு குடுக்குறதா?" என்று முடித்துவிட்டார்கள்.

செயலி இரண்டு பெயர்களையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அன்று எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடியது. அந்த வரி இல்லாமல் வெறும் மதிப்பெண் மட்டும் வந்திருந்தால் ஜாதகத்தை அனுப்பியிருப்பேன். காரணத்தைக் காட்டியதால்தான் தப்பு கண்ணில் பட்டது.

புகார் எழுதினேன். இரண்டு வாரத்தில் அந்த டிக் போய்விட்டது. பையன் மட்டும் அதே முதல் இடத்தில் இருந்தான்!

அப்புறம்தான் சோதித்துப் பார்த்தேன். எங்கள் விருப்பத்தில் 'வேலை பார்க்கும் ஊர்: சென்னை' என்பதை எடுத்துவிட்டுப் பட்டியலைத் திரும்பத் திறந்தேன். 'ஊர் பொருத்தம்' என்ற வரி எல்லோருக்கும் மறைந்தது. முதல் பத்துப் பேர் மட்டும் வரிசைகூட மாறாமல் அப்படியே இருந்தார்கள். அதில் எட்டுப் பேருக்கு 'இன்று வந்தார்' என்ற குறி. ஆக, வரிசை வேறு எதையோ வைத்துப் போடப்படுகிறது. நம் படிவத்தில் ஒத்துப்போகிற நாலு விஷயத்தைப் பிறகு பொறுக்கிக் காரணம் என்று ஒட்டுகிறார்கள். ஒன்றை மாற்றினால் பட்டியலும் மாறவேண்டும், அதுதான் காரணம். இப்படிப் பாவனை செய்வதற்குக் காரணமே காட்டாமல் விடலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 'அவர்கள் எதிர்பார்ப்பில் நீங்கள்' என்ற பகுதி, பையன் வீட்டார் கேட்ட வயது, உயரம், படிப்பில் என் தங்கை எங்கே பொருந்துகிறாள், எங்கே பொருந்தவில்லை என்று அப்படியே காட்டுகிறது. டேட்டிங் தளங்களை வைத்து 2018இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது: அணுகுவதற்கு ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருந்தால், இரு தரப்புக் காரணத்தையும் காட்டுவது கூடுதலாக எடுபடுகிறது. நமக்கு ஜாதகம் அனுப்பி "வேண்டாம்" என்று பதில் வருவது சின்ன விலையா? இந்தப் பகுதியைப் பார்த்து இருபது வீடுகளுக்காவது அனுப்பாமல் நிறுத்தியிருக்கிறேன்.

கட்டலாமா என்றால், கட்டாதே என்றுதான் சொல்வேன். நேற்று நான் இன்னும் மூன்று மாதத்துக்குக் கட்டியிருக்கிறேன், அந்த ஒரு பகுதிக்காக.